"டியூப் மறுத்தார்" என்ற ஒரு வரி போதாது: கடைசிக் காலத்தில் மூக்குக் குழாய் வேண்டாம் என்பதை டிக்கட்டில் எழுதுவது எப்படி

விழுங்கச் சிரமப்படும் முதியவர் ஒருவரிடம் மூக்கால் டியூப் போடலாமா என்று வாட்டில் கேட்கிறார்கள். அவர் வேண்டாம் என்கிறார். வைத்தியசாலையில் அவருக்காகத் திறந்த சிகிச்சைப் பதிவேடான டிக்கட்டில் "டியூப் மறுத்தார்" என்று ஒரு வரி எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைக்கப்படுகிறது. இரவு வேலைக்கு வரும் மிஸ்ஸி அந்த வரியை வாசிக்கிறார். கட்டிலின் தலைமாட்டில் மூன்று நாளுக்கு முன் தொங்கவிட்ட "வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்" அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. டியூபும் இல்லை, வாயாலும் இல்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்த மனிதருக்கு மிச்சமாவது பட்டினி. அவர் கேட்டது அதுவல்ல.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தச் சிக்கலுக்கு இன்னும் இரண்டு முடிச்சுகள் உண்டு. நோயாளி பேசுவது தமிழ், டிக்கட் எழுதப்படுவது ஆங்கிலம், எழுதும் வைத்தியர் பல வேளை சிங்களம் பேசுபவர். அடுத்தது, டிக்கட் வைத்தியசாலையோடு நின்றுவிடும். நோயாளி வீட்டுக்குப் போய், இன்னொரு முறை காய்ச்சலோடு வந்தால் புது டிக்கட்தான் திறக்கப்படும். பழைய மறுப்பு பதிவறையில் கிடக்கும்.

## குழம்பிப்போகும் சொற்கள்

முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. டியூப் மறுப்பு. மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் போட்டு உணவு ஏற்றுவதை வேண்டாம் என்பது. இது ஒரு சிகிச்சையை மறுப்பது மட்டுமே. சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுத்ததாகாது.

2. வாயால் கொடுக்க வேண்டாம் என்ற கட்டளை. இது வைத்தியரின் தற்காலிகப் பாதுகாப்பு நடவடிக்கை. விழுங்கலைச் சோதிக்கும் வரைக்கும்தான் அதற்கு வேலை. டியூப் வேண்டாம் என்று முடிவான அதே நிமிடத்தில் இந்தக் கட்டளையையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

3. பராமரிப்பின் நோக்கம். இனிச் செய்யப்போகும் வைத்தியம் எதற்காக என்பதற்கான பதில். ஆயுளை எப்படியாவது நீட்டவா, மாறக்கூடியதை மாற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பவா, நோவும் மூச்சுத்திணறலும் இல்லாமல் வைத்திருக்கவா?

இதில் மூன்றாவதுதான் முதலில் பேசப்பட வேண்டியது. நோக்கம் தெரிந்தால் டியூப் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் அதிலிருந்தே வரும். வாட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. டியூபைக் கையில் வைத்துக்கொண்டு "போடவா, விடவா?" என்று கேட்டால் குடும்பத்துக்கு அது "சோறு போடவா, விடவா?" என்றுதான் காதில் விழும்.

வாட்டில் இன்னொரு பயமும் இருக்கிறது. வைத்தியர் சொன்னதை மறுத்தால் "சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்று ஒப்பமிட்டு வெளியேற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சிகிச்சையை மறுப்பதும் வைத்திய ஆலோசனைக்கு மாறாக வீடு போவதும் வெவ்வேறு விடயங்கள். டியூப் வேண்டாம் என்றவர் அதே கட்டிலில் படுத்து, அன்ரிபயோட்டிக்கும் வலி மருந்தும் தாதியரின் பராமரிப்பும் பெறலாம். வெளியேறும் படிவத்தை இந்த மறுப்புக்குப் பயன்படுத்தவே கூடாது.

## டியூப் எதைச் செய்யும், எதைச் செய்யாது

விளங்காமல் மறுத்தால் அது மறுப்பாகாது. ஆகவே விளக்கியது என்ன என்பதும் பதிவில் இருக்க வேண்டும்.

மூக்குக் குழாய் பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 50 முதல் 60 சென்ரிமீற்றர் உள்ளே போகும். மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் முனைக்கும் அளந்து நீளம் பார்ப்பார்கள். வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று அறிய உறிஞ்சியெடுத்த நீரின் அமிலத்தன்மையைத் தாளில் சோதிப்பார்கள். pH அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வயிறு என்று கொள்ளலாம். அப்படி வராவிட்டால் எக்ஸ்ரே. நுரையீரலுக்குள் போன டியூபில் பால் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து.

தற்காலிகமான விழுங்கல் கோளாறில் டியூப் உண்மையில் உதவும். புதிதாகப் பக்கவாதம் வந்து, சில வாரங்களில் தேறக்கூடியவருக்கு அது பாலம் மாதிரி. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எடுப்பவருக்கும் அப்படியே. முற்றிய மறதி நோயில் கதை வேறு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014 இல் வெளியிட்ட நிலைப்பாடு, முற்றிய மறதி நோய்க்கு டியூப் பரிந்துரைக்கத்தக்கதல்ல, கவனமாகக் கையால் ஊட்டுவதே முறை என்கிறது. டியூபால் ஆயுள் கூடுவதாகவோ படுக்கைப் புண் குறைவதாகவோ நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை.

புரையேறி வரும் நியூமோனியாவை டியூப் தடுக்கும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. உணவை அது தொண்டையைத் தாண்டிக் கொண்டுபோகும், உண்மை. ஆனால் எச்சில் இன்னும் தொண்டையால்தான் இறங்குகிறது, வயிற்றிலிருந்து பால் மேலெழுந்தும் வரும். நியூமோனியாவுக்கு அந்த இரண்டுமே போதும். இதோடு, குழப்பத்தில் டியூபை இழுத்தெறிபவரின் கைகளைக் கட்டிலில் கட்டுவதும் சேர்ந்துகொள்கிறது. நோயாளிகள் டியூபை வெறுப்பதற்குச் சொல்லும் காரணத்தைக் கேட்டால், மூக்கு நோவோடு இந்தக் கைக்கட்டும் வரும்.

## ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. வழமையாக நடப்பவற்றைக் கோர்த்து அமைத்தது.

படுவான்கரையைச் சேர்ந்த 74 வயது அம்மா. பதின்மூன்று வருடமாகப் பார்கின்சன் நோய். எங்கள் பக்க வழக்கப்படி மகளின் வீட்டில் இருக்கிறார், மூத்த மகன் கத்தாரில். ஏழு மாதத்தில் இது மூன்றாவது நியூமோனியா. எடை 51 கிலோவிலிருந்து 39க்கு இறங்கியிருக்கிறது. போன முறை வேறோர் இடத்தில் டியூப் போட்டு, இரண்டு முறை இழுத்தெறிந்து, கை கட்டப்பட்டவர்.

வந்த அன்று வாயால் ஒன்றும் வேண்டாம் என்று எழுதி, சேலைனும் அன்ரிபயோட்டிக்கும் தொடங்கினார்கள். அந்தக் கட்டளையோடு பார்கின்சன் மாத்திரையும் நின்றுபோனது. இரண்டாம் நாள் விழுங்கலைச் சோதித்தபோது ஒரு கரண்டித் தண்ணீர்கூட இறங்கவில்லை. "பாதுகாப்பாக விழுங்க முடியாது, டியூப் தேவை" என்று எழுதப்பட்டது.

இங்கே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பார்கின்சன் நோயாளியின் தொண்டைத் தசைகளும் அந்த மாத்திரையை நம்பித்தான் இயங்குகின்றன. மாத்திரை இல்லாத உடம்பில் சோதித்தால் கிடைப்பது நோயின் உண்மையான அளவல்ல, மருந்து இல்லாமையின் அளவு. நான்காம் நாள், மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து முக்கால் மணித்தியாலம் கழித்துப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் திரும்பச் சோதித்தார். தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் இருமல். கெட்டியான கூழ் தேக்கரண்டி அளவில் இறங்கியது, இடைக்கிடை இருமலோடு. ஆபத்து இருக்கிறது, வழியே இல்லை என்றில்லை. முன்வைக்க வேண்டிய தெரிவு இப்போதுதான் சரியாக உருவாகிறது.

## எந்த மணித்தியாலத்தில் கேட்டீர்கள்?

முடிவெடுக்கும் திறனை நான்கு கேள்விகளால் பார்க்கலாம். சொன்னது விளங்குகிறதா? தனக்கே நடக்கப்போவது அது என்று உணர்கிறாரா? இரண்டு வழியையும் ஒப்பிட்டுக் காரணம் சொல்ல முடிகிறதா? ஒரே முடிவை வெளிப்படுத்துகிறாரா? பேச்சு வேண்டியதில்லை. கண்ணசைவும் கைநெரிப்பும் போதும், ஆனால் எந்த அசைவு "ஓம்", எந்த அசைவு "இல்லை" என்று எழுதிவைக்க வேண்டும்.

திறன் என்பது ஒரு நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. இந்த அம்மாவுக்கு மாத்திரை காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 மணிக்கு. முதல் முறை பிற்பகல் 1.40க்குக் கேட்டார்கள். அடுத்த மாத்திரைக்கு இருபது நிமிடம் இருக்கும் நேரம். முகம் மரத்து, கண் மூடி, பதிலே இல்லை. "முடிவெடுக்கும் நிலையில் இல்லை" என்று எழுதப்பட்டது. அதை நம்பி மகனிடம் போன் போயிருந்தால் எல்லாம் வேறு திசையில் போயிருக்கும்.

அடுத்த நாள் காலை 10.45க்கு, பத்து மணி மாத்திரைக்குப் பின் வைத்தியர் கேட்டபோது அம்மா சொன்னது:

"மூக்கால குழாய் வேணாம் மகன். போன முறை போட்டு ரெண்டு கையையும் கட்டிப் போட்டாங்க. வாயால ஏலுமானதத் தாங்க, ஏலாட்டி விடுங்க. வீட்ட போய்ப் பிள்ளையோட இருக்கணும்."

குழாய் இல்லாவிட்டால் சீக்கிரம் சாகலாம், சாப்பாடு புரையேறித் திரும்பவும் நியூமோனியா வரலாம் என்று வைத்தியர் சொன்னார். "தெரியும் மகன். மூணு தரம் வந்துட்டுத்தானே."

காய்ச்சல் வந்தால் திரும்ப வருவீர்களா என்று கேட்டதற்கு, "ஊசி மருந்துக்கு வருவன். மெசினில போட வேணாம்" என்றார்.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் பதிவு பாதிதான். டியூபை மறுத்தவர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார் என்று அடுத்தவர் எண்ணிக்கொள்வார், குணமாகக்கூடிய தொற்றுக்கும் அன்ரிபயோட்டிக் தாமதமாகும்.

## டிக்கட்டில் இருக்க வேண்டியவை

பதிவு ஆங்கிலத்தில்தான் எழுதப்படும், அதில் தவறில்லை. ஆனால் நோயாளி சொன்ன இரண்டு மூன்று வரிகள் தமிழிலேயே, அவர் சொன்ன சொல்லிலேயே நடுவில் இருக்க வேண்டும். தமிழ் எழுதத் தெரிந்த மிஸ்ஸி எழுதிக் கையொப்பமிடலாம். "டியூப் மறுத்தார்" என்பதை யாரும் எப்படியும் விளக்கலாம். "ரெண்டு கையையும் கட்டிப் போட்டாங்க" என்பதை மாற்றி விளக்க முடியாது.

1. நாள், நேரம், நிலை. 10.45, கடைசி மாத்திரை 10.00, விழிப்போடு இருக்கிறார், காய்ச்சல் இல்லை, தூக்க மருந்து கொடுக்கப்படவில்லை.

2. மொழியும் இடையாளும். வைத்தியர் சிங்களம் பேசுபவர் என்றால் மொழிபெயர்த்தவர் யார் என்று பதவியோடு எழுத வேண்டும். மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராக இருக்கக் கூடாது. அவர்கள் அன்பானவர்கள் என்பதுதான் காரணம்: வைத்தியர் சொன்ன "சாகலாம்" அவர்கள் வாயில் "களைப்பாக இருக்கும்" என்று மாறிவிடும்.

3. நான்கு கேள்விகளுக்கான பதில். "திறன் உண்டு" என்ற முடிவு மட்டும் போதாது. எதைக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பது வேண்டும். விளக்கியதைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்னாரா என்பதே இதில் கனமான வரி.

4. விளக்கிய தெரிவுகள். மூக்குக் குழாய், வயிற்றுத் துளைக் குழாய், சில நாளுக்கு மட்டும் போட்டுப் பார்க்கும் தவணை, ஆபத்தை ஏற்று வாயால் ஊட்டுவது. பார்கின்சனில் டியூபுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: மாத்திரை தவறாமல் உள்ளே போகும். அதையும் சொன்னோம் என்று எழுத வேண்டும். கெட்டதை மட்டும் சொல்லி வாங்கிய மறுப்பு பின்னால் கேள்விக்கு நிற்காது.

5. மறுத்தது எது, மறுக்காதது எது. இரண்டு தனி வரிகள். மறுத்தது: எந்த வகை உணவுக் குழாயும், செயற்கைச் சுவாச மெசின். ஏற்றது: வாயால் உணவு, அன்ரிபயோட்டிக், ஒட்சிசன், வைத்தியசாலைக்குத் திரும்புவது. இதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி இதற்குள் அடங்காது. அது தனிப் பேச்சு, தனிப் பதிவு.

6. நோக்கம், வரிசையோடு. முதலாவது, மகள் வீட்டில் கை கட்டப்படாமல் இருப்பது. இரண்டாவது, ஊசியால் மாறக்கூடிய தொற்றை மாற்றுவது. ஆயுள் நீட்டுவது இவை இரண்டுக்கும் கீழே. வரிசை ஏன் என்றால், நோக்கங்கள் மோதும்போது எது விட்டுக்கொடுக்கும் என்று இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும் வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.

7. ரத்தான கட்டளை. "வாயால் கொடுக்க வேண்டாம்" நிறுத்தப்பட்டது, நேரம், யார். தலைமாட்டு அட்டை கழற்றப்பட்டது என்றுகூட எழுதலாம். சின்ன விடயம்தான், பட்டினி தொடங்குவதும் அந்த அட்டையில்தான்.

கொன்சல்டன்ட் பார்த்து ஒப்பமிட வேண்டும். நோயாளியின் கையொப்பம் கிடைத்தால் நல்லது. நடுக்கத்தால் முடியாவிட்டால் பெருவிரல் அடையாளமும் சாட்சி ஒருவரும். கையொப்பம் இல்லாததால் மறுப்பு செல்லாமல் போகாது. மறுப்பைச் செல்ல வைப்பது திறனும் விளக்கமும். முன்கூட்டிய விருப்பப் பத்திரத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாத நாட்டில், அந்த நேரத்தில் எழுதப்பட்ட டிக்கட் பதிவே வலுவான சான்று.

## டியூப் இல்லாவிட்டால் மாத்திரை எப்படிப் போகும்?

எழுதாமல் விடப்படுவதில் மோசமானது இதுதான். உணவுத் திட்டம் எழுதுவார்கள், மருந்துத் திட்டத்தை மறந்துவிடுவார்கள்.

பார்கின்சன் மாத்திரை சட்டென்று நின்றால் உடம்பு மரக்கட்டையாக இறுகி, கடும் காய்ச்சல் வந்து, நினைவு தடுமாறும். பார்ப்பவர் இன்னொரு நியூமோனியா என்று நினைப்பார். அதனால் சாதாரண மாத்திரையை நசுக்கிக் கரைத்து, பப்பாசி மசியலில் ஒரு தேக்கரண்டியோடு, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் கொடுப்பது என்று எழுதலாம். தயிரில் கலந்தால் அதிலுள்ள புரதம் மருந்து உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை நசுக்கவே கூடாது, வைத்தியர் அதைச் சாதாரண வகைக்கு மாற்றித்தர வேண்டும். கொலஸ்ட்ரோல் மாத்திரை மாதிரியானவை இனித் தேவையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்துவதற்கும் இதுதான் நேரம்.

தடுப்புப் பட்டியலும் ஒன்று வேண்டும். கடைசிக் காலத்தில் சத்திக்கும் குழப்பத்துக்கும் வழமையாகக் கொடுக்கும் மெற்றோகுளோப்பிரமைட், ஹலோபெரிடோல் இரண்டும் பார்கின்சன் நோயாளியை இறுக்கிவிடும். "இவை கொடுக்க வேண்டாம்" என்பது முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கட்டும். சத்திக்கு டொம்பெரிடோன் இருக்கிறது. கடைசி நாட்களில் விழுங்கல் முற்றாக நின்றால் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மோர்பின் தோலுக்கடியில் கொடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

## ஆபத்தை ஏற்று ஊட்டுவது

"வாயால் கொடுக்கலாம்" என்று எழுதினால் ஒருவர் பிளேன்ரீ கொடுப்பார், இன்னொருவர் சொதி விட்ட சோறு கொடுப்பார். சொதிச் சோறு நமக்கு மென்மையாகத் தோன்றும். ஆனால் நீரும் திண்மமும் கலந்த உணவுதான் பலவீனமான தொண்டைக்கு மிகக் கடினம். நீர் முன்னே ஓடிப் புரையேறும், சோறு பின்னால் தங்கும். கூழ், மசித்த பப்பாசி, கெட்டித் தயிர் இவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அளவு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லிலீற்றர் வரை. நிமிர்ந்து உட்காரவைத்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, ஒன்று இறங்கிய பின்தான் அடுத்தது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் நிமிர்ந்திருக்க வேண்டும். குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, மூச்சு வேகமானாலோ, வாயை மூடித் தலையைத் திருப்பினாலோ அந்த வேளைக்கு நிறுத்த வேண்டும். இத்தனை கலோரி என்ற இலக்கு இங்கே இல்லை. ஏலுமானவரை, விரும்பும்வரை. இருமினால் திரும்பவும் "வாயால் வேண்டாம்" அட்டை தொங்கக் கூடாது என்பதற்காக, "இருமல் எதிர்பார்க்கப்பட்டது" என்ற வரியும் வேண்டும்.

வாய் காய்வது பசியாலல்ல, ஈரமின்மையால். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் வாயைத் துடைத்து உதட்டுக்கு எண்ணெய் பூசுவது, சேலைனை விட அந்த வறட்சியைத் தணிக்கும்.

## கத்தாரிலிருந்து வரும் போன்

"அம்மாவப் பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்களா?"

மகன் கேட்பது கோபமாகத் தெரியும். அருகில் இருந்து ஒரு கரண்டியேனும் ஊட்ட முடியாதவனின் கேள்வி அது. அவருக்குப் பதில் சொல்ல மூன்று விடயம் உண்டு. அம்மாவுக்கு வாயால் உணவு கொடுக்கப்படுகிறது. பசி, தாகம் என்ற உணர்வு இந்தக் கட்டத்தில் இயல்பாகவே குறைகிறது: சாப்பிடாததால் உடம்பு மூடிக்கொள்கிறது என்பதை விட, உடம்பு மூடிக்கொள்வதால் சாப்பாடு குறைகிறது. மூன்றாவது, முடிவு அம்மாவுடையது. நிதானத்தோடு ஒரு வயதுவந்தவர் மறுத்ததைப் பிள்ளையின் கையொப்பம் மாற்றாது.

சொல்லிப் பார்ப்பதை விட, அம்மாவே 10.45 மணி போல ஒரு நேரத்தில் வட்ஸ்அப்பில் மகனிடம் சொல்லட்டும். அந்தப் பேச்சு நடந்ததையும் டிக்கட்டில் எழுத வேண்டும்.

சமயக் கேள்வியும் எழும். உணவையும் நீரையும் மருத்துவமாகப் பார்க்காமல் கடமையாகப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ மௌலவியிடம் கேட்டுவர நேரம் கேட்பார்கள், கொடுக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 2007 இல் அளித்த விளக்கம் உணவும் நீரும் கொடுப்பதைக் கடமை என்றது. உடல் அதை ஏற்காதபோதும் பெரும் உபாதை தரும்போதும் அதற்கு விலக்கும் சொன்னது. "டியூப் மறுப்பு, வாய் உணவு தொடரும்" என்று தெளிவாக எழுதிய பதிவு இந்தப் பேச்சுகளில் பாதியை எளிதாக்கும்.

## டிக்கட் இங்கே, நோயாளி வீட்டிலே

டிஸ்சார்ஜ் ஆகும்போது நோயாளியோடு போவது டயக்னோசிஸ் காட்டும் கிளினிக் கொப்பியும் மட்டுமே. இரவில் மூச்சுத்திணறினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் கிட்டிய வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும். அங்கே பழைய டிக்கட் இல்லை. வைத்தியரின் முன்னால் இருப்பது வாய்பேசாத 39 கிலோ உடம்பு, அவர் கையில் ஒரு டியூப்.

அதனால் மூன்று இடத்தில் பதிவு வேண்டும். டயக்னோசிஸ் காட்டில், நோயின் பெயருக்கு அடுத்த வரியில். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், மறுத்தது, ஏற்றது, தவிர்க்கவேண்டிய மருந்து என்று நான்கைந்து வரியில், வைத்தியரின் முத்திரையோடு. பிறகு அந்தப் பக்கத்தின் படம் மகளின் போனிலும் மகனின் போனிலும். மகன் போனில் இருப்பதற்குக் காரணம், நெருக்கடியில் எல்லாரும் அவரைத்தான் அழைப்பார்கள்.

## திறன் போன பிறகு, மனம் மாறினால்

அடுத்த முறை அம்மா நினைவில்லாமல் வந்தால், நிதானத்தில் சொன்ன மறுப்பு நிற்கும். குடும்பத்திடம் கேட்க வேண்டியது "டியூப் போடவா?" என்பதல்ல, "இந்த நிலையை அம்மா பார்த்தால் என்ன சொல்வார்?" என்பது. முன்னர் எதுவுமே சொல்லாதவராக இருந்து, நோக்கமும் தெளிவில்லை என்றால் தவணை வைத்துப் போடலாம்: இத்தனை நாள், இன்னது தேறினால் தொடர்வது, தேறாவிட்டால் இந்தத் திகதியில் எடுப்பது. திகதி இல்லாத தவணை தவணையே அல்ல. பின்னர் டியூபை எடுக்கும் நாளை யாராலும் குறிக்க முடியாமல் போய்விடும்.

எப்போதும் அவர் மனம் மாறலாம். ஒரு மாதத்தில் பேத்தியின் சாமத்தியச் சடங்கு வருகிறது, அதுவரை இருக்க வேண்டும், டியூப் போடுங்கள் என்று கேட்கலாம். அதுவும் நோக்கம்தான். அப்போது பழைய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு, திகதி, நேரம், கையொப்பம். கீழே புதிய வரிகள், அவர் சொன்ன சொல்லிலேயே. இரண்டு போன்களிலும் உள்ள பழைய படத்தை அழித்துப் புதியதைப் போட வேண்டும்.